கடல் உள்வாங்கினால்தான் சுனாமியா? கடலூர், புதுச்சேரிக் கரைக்கு ஓர் எளிய விளக்கம்

சில மாதங்களுக்கு ஒருமுறையாவது "கடல் உள்வாங்கியது, பொதுமக்கள் அச்சம்" என்று ஒரு செய்தி நம் பக்கம் வந்துவிடும். ஒரு நாள் தேவனாம்பட்டினம், இன்னொரு நாள் புதுச்சேரி கடற்கரைச் சாலை. படம் வாட்ஸப்பில் சுற்றும். மாலைக்குள் கடல் பழைய இடத்துக்கு வந்துவிடும், செய்தியும் மறந்துபோகும்.

இதில் இரண்டு தவறான எண்ணங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கடல் உள்வாங்கினாலே சுனாமி வரும் என்பது ஒன்று. கடல் உள்வாங்காமல் சுனாமி வராது என்பது இன்னொன்று. முதல் எண்ணத்தால் வீண் பதற்றம்தான். இரண்டாவது உயிருக்கே ஆபத்தானது, அதிலும் குறிப்பாக நம் கரையில். ஏன் என்று புரிந்துகொள்ள, சுனாமி எப்படி உருவாகி நம்மிடம் வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## காற்று எழுப்பும் அலையும் சுனாமியும்

சில்வர் பீச்சில் நின்று நாம் பார்க்கும் அலைகள் காற்றால் உண்டாகின்றவை. ஓர் அலை வந்து, அடுத்தது வரச் சில நொடிகள் ஆகும். அந்த அசைவு கடலின் மேல்பகுதியோடு நின்றுவிடும். ஆழத்தில் இருக்கும் தண்ணீருக்கு அது தெரியவே தெரியாது.

சுனாமி கடலின் தரையிலிருந்து தொடங்குகிறது. கடலடியில் பெரிய நிலநடுக்கம் நடந்து, தரை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு மேலே எழும்பினாலோ கீழே இறங்கினாலோ, அதன் மேல் இருக்கும் தண்ணீர் முழுவதும் சேர்ந்து நகர்கிறது. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகலாம். அதனால்தான் சுனாமி கரையில் ஏறும்போது, அடித்துவிட்டு உடனே திரும்பிவிடுவதில்லை. பல நிமிடங்கள் தொடர்ந்து உள்ளே வந்துகொண்டே இருக்கும். சினிமாவில் காட்டுவதுபோல் சுருண்டு விழும் பெரிய அலையை எதிர்பார்த்து நிற்பவர், கடல்மட்டமே மேலேறி நிலத்துக்குள் ஓடிவருவதைக் கண்டு முதலில் திகைத்துத்தான் போவார்.

## ஆழத்தில் வேகம், கரையில் உயரம்

சுனாமியின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. 3,500 மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு ஏறக்குறைய 670 கிலோமீட்டர் வேகத்தில் போகும். ஆழம் 50 மீட்டராகக் குறையும் இடத்தில் வேகம் 80 கிலோமீட்டராகிவிடும். 10 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது மணிக்கு 35 கிலோமீட்டர்.

மாசிமகத்தன்று தேவனாம்பட்டினத்துக்குப் போகும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தார்ச் சாலையில் எல்லாரும் ஓரளவு வேகமாக, இடைவெளி விட்டு நடந்து வருவார்கள். சாலை முடிந்து மணலில் கால் வைத்ததும் முன்னால் போகிறவர்களின் நடை தளரும். பின்னால் வருகிறவர்கள் இன்னும் சாலையில்தான் இருக்கிறார்கள், அவர்கள் வேகம் குறையவில்லை. அதனால் மணல் தொடங்கும் இடத்தில் கூட்டம் நெருக்கியடிக்கும். சுனாமிக்கும் இதுதான் நடக்கிறது. ஆழம் குறைந்த இடத்துக்கு வந்த முன்பகுதி மெதுவாகிறது, ஆழத்தில் இருக்கும் பின்பகுதி வேகமாக வந்து சேர்கிறது. நீளவாக்கில் பரவியிருந்த தண்ணீர் குறுகி, உயரமாக எழுகிறது.

2004 சுனாமி உருவாகி ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்து, இந்தியப் பெருங்கடலின் மேல் பறந்த ஒரு செயற்கைக்கோள் அதன் உயரத்தை அளந்தது. நடுக்கடலில் அது 60 சென்டிமீட்டர்தான். அவ்வளவு பரந்த நீரில் இரண்டடி ஏற்றம் எந்தப் படகுக்கும் தெரியாது. அன்று ஆழ்கடலில் இருந்த மீனவர்கள் எதையும் உணராமல், கரைக்குத் திரும்பிய பிறகு ஊரே இல்லாததைக் கண்டதற்கு இதுதான் காரணம்.

சுருக்கமாகச் சொன்னால்: சுனாமி ஆழ்கடலில் விமான வேகத்தில், கண்ணுக்குத் தெரியாமல் வரும். கரையை நெருங்கும்போது வேகம் குறைந்து உயரம் கூடும். குறைந்த பிறகும் அந்த வேகம் மனிதர் ஓடும் வேகத்தைவிட அதிகம்.

## முதலில் ஏறுமா, இறங்குமா?

நம் கரைக்கு மிக முக்கியமான விஷயம் இதுதான், எனவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கும் சுமத்திராவுக்கும் மேற்கே, கடலடியில் ஒரு நீண்ட பள்ளம் ஓடுகிறது. அங்கே நம் பக்கத்து நிலத்தட்டு, கிழக்கே இருக்கும் தட்டின் அடியில் மெல்ல மெல்லப் புகுந்துகொண்டிருக்கிறது. நிலத்தட்டு என்றால் பூமியின் மேலோடு பிளவுபட்டிருக்கும் பெரும் துண்டுகளில் ஒன்று. அடியில் புகும் தட்டு, மேலிருக்கும் தட்டின் விளிம்பையும் கவ்விக் கீழே இழுத்துக்கொண்டே போகிறது. பல நூறு ஆண்டுகள் இப்படி அழுத்தம் சேரும். ஒரு நாள் பிடி விடுபடும். அப்போது மேல்தட்டின் மேற்கு விளிம்பு சட்டென்று மேலே எழும்பும். அதற்குக் கிழக்கே இருக்கும் பகுதி கீழே இறங்கும்.

இப்போது அதன் மேல் இருக்கும் தண்ணீரைப் பாருங்கள். மேற்குப் பக்கத்தில் மேடு, கிழக்குப் பக்கத்தில் பள்ளம். மேற்கு நோக்கி, அதாவது நம்மையும் இலங்கையையும் நோக்கிக் கிளம்பும் சுனாமிக்கு முன்னால் வருவது மேடு. கிழக்கு நோக்கித் தாய்லாந்துக்குப் போவதற்கு முன்னால் வருவது பள்ளம். அதனால்தான் 2004ல் தாய்லாந்தின் மேற்குக் கரையில் முதலில் கடல் வெகுதூரம் உள்வாங்கியது. அந்தக் காட்சிகள்தான் உலகம் முழுவதும் ஓடின. "சுனாமி வருமுன் கடல் உள்வாங்கும்" என்பது பொது விதியாக மனத்தில் பதிந்ததும் இப்படித்தான்.

நம் கரையிலோ முதலில் கடல் ஏறியது. பல இடங்களில் அந்த முதல் ஏற்றம் அவ்வளவு பெரிதில்லை. அதன் பிறகு தண்ணீர் பின்வாங்கியது. அடுத்து வந்தது அதைவிடப் பெரிய அலை. உள்வாங்கலை மட்டும் அடையாளமாக வைத்திருப்பவர், முதல் ஏற்றத்தை ஏதோ பெரிய அலை என்று நினைத்துக்கொண்டு, தண்ணீர் வடிந்ததும் "முடிந்துவிட்டது" என்று கரைக்கே போவார். அவர் நிற்கும் இடம் இரண்டு அலைகளுக்கு நடுவே.

எனவே அந்தமான், சுமத்திரா பக்கத்திலிருந்து வரும் சுனாமிக்கு கடலூரிலும் புதுச்சேரியிலும் நாம் எதிர்பார்க்க வேண்டிய முதல் அடையாளம், காரணமில்லாமல் கடல் ஏறுவது. காற்றில்லை, மழையில்லை, புயலில்லை. ஆனால் தண்ணீர் வழக்கமாகத் தொடாத இடத்தைத் தொட்டுத் தெருவுக்குள் வருகிறது என்றால், அதுவே போதுமான எச்சரிக்கை. வடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

## சும்மா உள்வாங்கும் கடலை எப்படிப் பிரித்தறிவது?

நம் கடலில் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏற்றமும் இரண்டு முறை வற்றமும் உண்டு. ஏற்றத்திலிருந்து வற்றத்துக்குப் போக ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வித்தியாசம் கூடும். அப்போதும் நம் பக்கத்தில் அது ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். கரை மிகத் தட்டையாக இருக்கும் இடத்தில் ஒரு மீட்டர் இறங்கினாலே நிறைய மணல் வெளியே தெரியும். இதோடு தரையிலிருந்து கடல் நோக்கிக் காற்றும் வீசினால் தண்ணீர் இன்னும் கொஞ்சம் விலகும். செய்தியில் வரும் பெரும்பாலான "உள்வாங்கல்" இந்த வகைதான்.

பிரித்தறிய உதவுவது கடிகாரம். வற்றத்தில் நீர் விளிம்பு நகர்வதைக் கண்ணால் பார்க்க முடியாது. அரைமணி கழித்துப் பார்த்தால்தான் தெரியும். சுனாமியில் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சில நிமிடங்களில் கடல் இழுத்துக்கொண்டு போகும். எப்போதும் தண்ணீருக்கடியில் இருக்கும் பாறை வெளியே தெரியும், மீன்கள் மணலில் துள்ளும், கழிமுகத்தில் கட்டியிருக்கும் படகுகள் தரை தட்டும். காலையிலிருந்து கடல் உள்ளேயே இருக்கிறது என்று யாராவது மாலையில் சொன்னால், அது சுனாமி அல்ல. சுனாமிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

மூன்றாவது அடையாளம் சத்தம். விமானமோ ரயிலோ நெருங்கி வருவதுபோல் கடல் பக்கமிருந்து தொடர்ந்து இரைச்சல் கேட்டால், அலை கண்ணில் படுவதற்கு முன்பே நகர வேண்டும்.

ஆக, கடல் காரணமின்றி வேகமாக ஏறினாலும் ஓட வேண்டும், நிமிடக் கணக்கில் இறங்கினாலும் ஓட வேண்டும். மணிக்கணக்கில் இறங்கினால் அது வற்றம்.

## நில அதிர்வு நமக்கு என்ன சொல்லும்?

நிக்கோபாரிலோ அந்தமானிலோ இருப்பவருக்கு விதி எளிது. நிற்க முடியாத அளவுக்குத் தரை ஆடினால், ஆட்டம் நின்றதும் மேட்டுக்கு ஓட வேண்டும். அவர்களுக்குக் கிடைப்பது நிமிடங்கள்தான். நமக்கு அந்த நிலநடுக்கப் பகுதி ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அதனால் அதிர்வு இங்கே மெலிந்துதான் வந்து சேரும். 2004 டிசம்பர் 26 காலை தமிழ்நாட்டின் பல ஊர்களில் லேசான அதிர்வு உணரப்பட்டது. பலர் தூக்கத்தில் அதைக் கவனிக்கவே இல்லை.

2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்கு அருகே, கடலுக்கடியில் ஒரு நிலநடுக்கம் நடந்தது. ரிக்டர் என்று நாம் பேச்சில் சொல்லும் அளவில் 5.5. பக்கத்திலேயே நடந்ததால் சென்னை வரை நன்றாகத் தெரிந்தது, மக்கள் வீதிக்கு வந்தார்கள். சுனாமி வரவில்லை. அந்த அளவுள்ள நிலநடுக்கம் கடல் முழுவதையும் நகர்த்தும்படி தரையைத் தூக்காது. பக்கத்தில் நடக்கும் சிறிய நடுக்கம் 'தட்' என்று வந்து சில நொடிகளில் முடிந்துவிடும். தொலைவில் நடக்கும் மிகப் பெரிய நடுக்கமோ மெல்லிய, நீண்ட ஊசலாட்டமாக வரும்: மாடியில் இருப்பவருக்குத் தலைசுற்றுவதுபோல் இருக்கும், நிறுத்தி வைத்த மின்விசிறி ஆடும், தொட்டித் தண்ணீர் தளும்பும். நம் கரையில் கவலைப்பட வேண்டியது இந்த இரண்டாவது வகைக்குத்தான்.

அப்படி ஆடினாலும் சுனாமி வந்தே தீரும் என்றில்லை. 2012 ஏப்ரல் 11 பிற்பகலில் சுமத்திராவுக்கு மேற்கே 8.6 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. நம் கரையில் அதிர்வு தெரிந்தது, எச்சரிக்கை வந்தது, மக்கள் வெளியேறினார்கள். வந்த அலையோ மிகச் சிறியது. அன்று பாறைகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தன. தரை மேலும் கீழும் பெரிதாக அசையாததால் தண்ணீர் தூக்கப்படவில்லை. அன்று வெளியேறியவர்கள் ஏமாந்துபோனதாக நான் நினைக்கவில்லை. நிலநடுக்கம் நடந்த முதல் சில நிமிடங்களில், தரை எந்தத் திசையில் நகர்ந்தது என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

## எவ்வளவு நேரம் கிடைக்கும்?

2004 நிலநடுக்கம் நம் நேரப்படி காலை 6:28 மணிக்கு நடந்தது. அதன் மையம் வட சுமத்திராவின் மேற்குக் கரைக்கு அப்பால், கடலூரிலிருந்து ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். மணிக்கு 670 கிலோமீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால் மூன்று மணி நேரம் வருகிறது. அப்படியென்றால் காலை ஒன்பதரை மணிக்குத்தான் அலை வந்திருக்க வேண்டும். ஆனால் எட்டரை மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையிலேயே நம் கரையில் ஏறிவிட்டது.

காரணம், மையம் என்பது பிளவு தொடங்கிய புள்ளி மட்டுமே. அங்கிருந்து பிளவு வடக்கே நிக்கோபார், அந்தமான் வரை 1,200 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டது. கார் நிக்கோபாரிலிருந்து கடலூர் ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர்தான். அதே வேகத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். கணக்கு சரியாகப் பொருந்துகிறது. டிவியில் "சுமத்திராவில் நிலநடுக்கம்" என்று கேட்டதும், அது வெகுதூரம் என்று நாமே நேரத்தைக் கூட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

2004ல் அந்த இரண்டு மணி நேரம் வீணானது, செய்தி சொல்ல அமைப்பு இல்லாததால். 2007 அக்டோபரிலிருந்து ஐதராபாத்தில் இன்காய்ஸ் என்னும் கடல் தகவல் மையத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. நிலநடுக்கம் நடந்து ஏறக்குறைய பத்து நிமிடங்களில் முதல் அறிக்கை வந்துவிடும். அப்புறம், கடலடியில் வைத்திருக்கும் அழுத்தமானிகளும் கரையோர நீர்மட்டக் கருவிகளும் அலை உண்மையிலேயே கிளம்பியதா என்று காட்டும். அதற்கேற்ப அறிக்கை மாறும். அறிக்கையில் 'வார்னிங்' என்றால் கரையோரப் பகுதியை விட்டு முழுமையாக வெளியேற வேண்டும். 'அலர்ட்' என்றால் கடற்கரையையும் துறைமுகத்தையும் விட்டு விலக வேண்டும். 'வாட்ச்' என்றால் தயாராக இருந்து அடுத்த அறிக்கைக்குக் காத்திருக்க வேண்டும். சந்தேகம் கேட்கத் தமிழ்நாட்டில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.

அறிக்கை ஐதராபாத்திலிருந்து மாநிலத்துக்கும், மாவட்டத்துக்கும், ஊர் ஒலிபெருக்கிக்கும் வந்து சேர நேரம் பிடிக்கும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் உங்கள் கையில் இருக்கும். இரவு, மின்வெட்டு, செல்போன் அணைந்திருக்கிறது என்றால் கடலே சொல்லும்போதுதான் தெரியவரும். அப்போது கையில் இருப்பது பத்துப் பதினைந்து நிமிடம். அதைவிடக் குறையவும் செய்யலாம்.

## மேடே இல்லாத ஊரில் மேட்டுக்குப் போவது

உயரமான இடத்துக்குப் போங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். பொதுவாகச் சொல்லப்படும் அளவு 30 மீட்டர் உயரம் அல்லது கரையிலிருந்து 3 கிலோமீட்டர் உள்ளே. கடலூரில் அப்படி உயரம் வேண்டுமென்றால் கேப்பர் மலைக்குத்தான் போக வேண்டும்; கடற்கரையிலிருந்து அது நடந்து உடனே சேரும் தூரமில்லை. புதுச்சேரியில் கோரிமேடும், காலாப்பட்டுக்கு மேற்கே உள்ள செம்மண் மேடும் நல்ல உயரமான இடங்கள். வடக்குக் குப்பங்களுக்கு அவை ஓரளவு கிட்டம், வீராம்பட்டினத்துக்கு எட்டாத தூரம்.

அதனால் நம் கரையில் ஒவ்வொரு வீட்டுக்கும் போகுமிடம் இரண்டு வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதிகாரபூர்வ எச்சரிக்கை நேரத்தோடு வந்தால் போக ஒரு தூர இடம். கடலே அடையாளம் காட்டினால் போக ஒரு கிட்ட இடம்.

ஒரு வீட்டை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கரையிலிருந்து 150 மீட்டரில் வீடு. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள ஆத்தா. ஆத்தாவின் நடை நிமிடத்துக்கு 40 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்தின் வேகமும் அதுதான். 3 கிலோமீட்டர் போக 75 நிமிடம். எச்சரிக்கை ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னதாக வந்திருந்தால், ஆத்தாவை ஒருவர் பைக்கில் ஏற்றிக்கொண்டு முதலில் போக, மற்றவர்கள் நடந்தே போய்ச் சேரலாம். ஆளுக்கொரு ஆட்டோ, கார் என்று எல்லாரும் ஒரே சாலையில் இறங்கினால் சாலை அடைத்துக்கொள்ளும். நடக்க முடிந்தவர்கள் நடப்பதுதான் எல்லாருக்கும் வேகம்.

கடல் அடையாளம் காட்டிய பிறகு கிளம்பினால் கணக்கு வேறு. பதினைந்து நிமிடத்தில் மூன்று நிமிடம் கூப்பிட்டுச் சேர்க்கவே போய்விடும். மீதி பன்னிரண்டு நிமிடத்தில் ஆத்தாவோடு போகக்கூடியது 480 மீட்டர். அதாவது கரையிலிருந்து 630 மீட்டர். 2004ல் இந்தக் கரையில் பல இடங்களில் தண்ணீர் சில நூறு மீட்டர் உள்ளே வந்தது. ஆற்று முகங்களை ஒட்டி ஒரு கிலோமீட்டருக்கும் மேல் போனது. எனவே 630 மீட்டர் என்பது நம்பக்கூடிய தூரமில்லை. இந்தக் குடும்பத்துக்குக் கிட்ட இடம் என்பது வீட்டிலிருந்து 300, 400 மீட்டருக்குள், கரைக்கு எதிர்த்திசையில் இருக்கும் ஒரு கான்கிரீட் கட்டடத்தின் இரண்டாம் மாடி அல்லது அதற்கு மேல்.

எந்தக் கட்டடம் என்பதை நல்ல நாளிலேயே பார்த்து வைக்க வேண்டும். கான்கிரீட் தூண், உத்திரம் போட்டுக் கட்டியது வேண்டும். செங்கல் சுவரே கூரையைத் தாங்கும் பழைய வீடு வேண்டாம். தரைத்தளம் தூண்களாகத் திறந்திருந்தால் தண்ணீர் ஊடே போய்விடும், அது நல்லது. பள்ளிக்கூடம், கல்லூரி, அரசு கட்டியிருக்கும் புயல் பாதுகாப்பு மையம் போன்றவற்றைப் பாருங்கள். 2004ல் இந்தக் கரையின் பல இடங்களில் நீர்மட்டம் 3 முதல் 5 மீட்டர் வரை எழுந்தது. முதல் மாடித் தரை பெரும்பாலும் மூன்றரை மீட்டருக்குள்தான் இருக்கும். அதனால்தான் இரண்டாம் மாடி என்கிறேன். சாவி யாரிடம், மொட்டைமாடிக் கதவு பூட்டியிருக்குமா, இரவில் காவலர் உண்டா என்று கேட்டு வைப்பதும் இதில் சேர்த்திதான். நல்ல கட்டடம் இருந்தும் படிக்கட்டுக் கதவு பூட்டியிருந்தால் எந்தப் பயனும் இல்லை.

வழியைப் பற்றி ஒன்று. சுனாமி ஆற்றைப் பெருவழியாகப் பயன்படுத்திக்கொள்ளும். கெடிலம், தென்பெண்ணை, உப்பனாறு ஆகியவற்றின் கரையோரமாக உள்ளே ஓடினால், தண்ணீரும் அதே வழியில் உங்களோடு, உங்களைவிட வேகமாக வரும். சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு போலக் கடலுக்கும் உப்பனாற்றுக்கும் நடுவே இருக்கும் ஊர்களுக்கு இது இன்னும் கடினம். உள்ளே போவதென்றாலே நீரைக் கடக்க வேண்டும். அங்கே இருப்பவர்கள் ஒலிபெருக்கி ஒலித்த முதல் நிமிடத்திலேயே பாலத்தைத் தாண்டிவிட வேண்டும். கடல் ஏறத் தொடங்கிய பிறகு பாலத்துக்கு ஓடாமல், இருக்கும் பக்கத்திலேயே உயரமான கட்டடத்தில் ஏறுவதுதான் சரி.

புதுச்சேரி நகரத்துக்காரர்கள் சிலர், கடற்கரைச் சாலையின் கல்சுவர் 2004ல் காப்பாற்றியது, இனியும் காப்பாற்றும் என்பார்கள். அன்று பழைய நகரம் தப்பியதில் அந்தச் சுவருக்குப் பெரிய பங்கு உண்மை. அது அன்று வந்த அலையின் உயரத்துக்குப் போதுமானதாக இருந்தது, அவ்வளவுதான். சுவர் முடியும் இடத்துக்கு வடக்கிலும் தெற்கிலும் குப்பங்கள் அதே அலையில் அடிபட்டன.

## நல்லவாட்டில் நடந்தது

புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு என்னும் மீனவ ஊர். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு தகவல் மையம் நடத்திவந்தது. வானிலை, அலை உயரம், மீன் விலை ஆகியவற்றை ஒலிபெருக்கியில் சொல்வது அதன் வேலை. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் நிலநடுக்கச் செய்தியைக் கேட்டு வீட்டுக்குப் போன் செய்தார். கடல் தண்ணீர் ஊருக்குள் வருகிறது என்று வீட்டில் சொன்னார்கள். உடனே எல்லாரையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னார். ஊரில் இருந்தவர்கள் பூட்டியிருந்த தகவல் மையத்தை உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியேறினார்கள். வீடுகளும் படகுகளும் போயின, உயிரிழப்பு இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது வரிசை. போன் வந்தபோது தண்ணீர் ஏற்கெனவே உள்ளே வரத் தொடங்கிவிட்டது. அதாவது மேலே சொன்ன அந்த முதல் ஏற்றம். அதைப் பார்த்தவுடன் கிளம்பினால் பெரிய அலைக்கு முன் விலக நேரம் கிடைக்கிறது. ஊர் முழுவதற்கும் ஒரே நொடியில் சொல்ல ஒலிபெருக்கி இருந்தது. பூட்டை உடைக்க யாரும் தயங்கவில்லை.

## எப்போது திரும்பலாம்?

சுனாமி ஓர் அலையோடு முடிவதில்லை. 2004ல் மணிக்கணக்கில் கடல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. தண்ணீர் வடிந்த இடைவெளியில் பிள்ளையைத் தேட, நகையை எடுக்க, படகைப் பார்க்க என்று திரும்புவது இயல்பாக மனம் செய்யச் சொல்வது. அதைத் தடுக்க ஒரே வழி, யார் எங்கே சேர்வது என்று முன்னமே பேசி வைத்திருப்பது. பிள்ளைகள் பள்ளியில் இருந்தால் ஆசிரியர்கள் அவர்களை மாடிக்கோ உள்பக்கமோ அழைத்துப் போவார்கள் என்று பள்ளியோடு பேசி உறுதி செய்துகொண்டால், பெற்றவர்கள் கரையை நோக்கி ஓட வேண்டியதில்லை.

கடலில் தொழிலில் இருக்கும் படகுக்கு எச்சரிக்கை கிடைத்தால் கரைக்குத் திரும்பக் கூடாது. நூறு பாகத்துக்கு, அதாவது ஏறக்குறைய 180 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள இடத்துக்குப் போய் அங்கேயே நிற்க வேண்டும். கரையில் கட்டியிருக்கும் படகை எடுத்துக்கொண்டு வெளியே போக நேரம் இருக்கிறதா என்று யோசிக்க வேண்டிய நிலை வந்தாலே, நேரம் இல்லை என்று பொருள். படகை விட்டுவிட்டு ஏற வேண்டியதுதான்.

ஆபத்து நீங்கியது என்ற அறிவிப்பு இன்காய்ஸ் மையத்திலிருந்து மாவட்ட நிர்வாகம் வழியாக வரும். வாட்ஸப்பில் வருவதையோ, கடல் அமைதியாகத் தெரிவதையோ அதற்குச் சமமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒலிபெருக்கியும் செல்போனும் வேலை செய்யவில்லை என்றால், கடைசியாகக் கண்ணில் பட்ட பெரிய ஏற்ற இறக்கத்துக்குப் பிறகும் பல மணி நேரம் மாடியிலேயே இருக்க வேண்டியிருக்கும். அதனால் அந்த இரண்டாம் மாடிக்கு ஏறும்போது கையில் எடுக்க வேண்டிய பையில் குடிதண்ணீர், ஆத்தாவின் மாத்திரை, டார்ச், மின்கலத்தில் ஓடும் ஒரு சின்ன ரேடியோ இவ்வளவும் இருக்கட்டும். பையின் இடம் வாசல் கதவுக்குப் பக்கத்து ஆணி.